செடி எப்படி இருக்கு?

இன்ஜினியரிங் கல்லூரிகளில் எட்டாவது செமஸ்டர் வந்துவிட்டால் வகுப்புகள் குறைந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்தான். மூன்று பேரோ நான்கு பேரோ சேர்ந்து ஒரு பேட்ச், அவர்களுக்கு ஒரு கைடு, இடையிடையே ரிவ்யூக்கள், கடைசியில் வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்து கேள்வி கேட்கும் வைவா. பேட்ச் முடிவான அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பும் தொடங்கிவிடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரவைக்கிற கல்லூரிகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. வராந்தாவில் ஐந்து நிமிடம் நின்று பேசினால் துறைத்தலைவர் அறைக்கு அழைப்பு வரும் இடங்களும் உண்டு. அப்படி மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் பேசிக்கொள்ளாத இருவருக்கு, தினமும் பேசியே தீரவேண்டிய காரணம் ஒன்று இந்தக் குரூப்பில்தான் முதன்முதலாகக் கிடைக்கிறது.

அந்தப் பேச்சில் ஒரு பிரியம் துளிர்ப்பது இயல்பு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதை எப்படிக் காட்டுவது என்பதில்தான் சிக்கல். மதிப்பெண் நான்கு பேருடையது, மே மாதம் வரை ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும், பிடிக்கவில்லை என்றாலும் எழுந்து போக வழியில்லை. கல்லூரி கேன்டீனில் ஒருவர் பேச்சு பிடிக்காவிட்டால் டீயை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம். ப்ராஜெக்ட் குரூப்பிலிருந்து அப்படி வெளியேற முடியாது. இங்கே பிரியத்தைக் காட்டுகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு பேட்சை எடுத்துக்கொள்வோம். ப்ராஜெக்ட், மண்ணின் ஈரம் பார்த்துத் தானே தண்ணீர் பாய்ச்சும் கருவி. இது தமிழ்நாட்டில் வருடாவருடம் எத்தனையோ பேட்ச் செய்வதுதான். தொட்டி மண்ணில் ஒரு ஈர சென்சார், அதைப் படிக்க ஒரு ஈஎஸ்பி32 போர்டு, ரிலே வழியாக ஒரு சின்ன மோட்டார். கோடு எழுதுவது ஒரு பெண். தொட்டி இருப்பது பேட்சிலுள்ள ஒரு பையன் வீட்டு மொட்டை மாடியில். அதில் வெண்டைச் செடி வைத்திருக்கிறான், காலையும் மாலையும் ரீடிங் எடுத்துக் குரூப்பில் போடுவது அவன் வேலை. மூன்றாவது ஆள் ரிப்போர்ட் எழுதுகிறாள். நான்காமவன் பாகங்கள் வாங்குகிறான், பிபிடி தயாரிக்கிறான்.

இந்த வகை சென்சாரில் மண் காயக் காய எண் ஏறும். ஒரு நாள் மாலை அவன் இப்படி எழுதுகிறான்:

“காலை 2900, சாயங்காலம் 3080. மோட்டார் இன்னும் ஆன் ஆகல. செடி உன்னைத்தான் கேக்குது.”

அவள் பதில்: “3100ல ஆன் ஆகற மாதிரி வெச்சிருக்கேன். 3000க்கு இறக்கிடறேன். செடிகிட்ட சாரி சொன்னேன்னு சொல்லு.”

“சொல்லிட்டேன். நாளைக்குள்ள சரி பண்ணலைன்னா பேசாதாம்.”

மென்மையான சீண்டல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவன் முதல் செய்தியைப் பாருங்கள். வேலைக்குத் தேவையான இரண்டு எண்ணும் முதலிலேயே வந்துவிட்டன, பழுது என்னவென்பதும் தெரிந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை எடுத்துவிட்டாலும் செய்தி முழுசாக இருக்கிறது. அதாவது, அந்த வாக்கியத்தைக் கண்டுகொள்ளாமல் “ஓகே, 3000க்கு மாத்தறேன்” என்று மட்டும் எழுத அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அப்படி எழுதியிருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை, யாரும் யாரையும் மறுத்ததாகவும் ஆகாது. அவளாகத்தான் செடியின் பேச்சை எடுத்து நீட்டினாள்.

எதை அனுப்பும் முன்னும் பார்த்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்: கொஞ்சலை நீக்கிவிட்டுப் படித்தால் செய்திக்கு இன்னும் வேலை இருக்கிறதா? “சாப்பிட்டியா?”, “என்ன பண்ற?” என்பவை தனியாக வந்தால் இந்தச் சோதனையில் தேறாது. அவற்றை நீக்கினால் ஒன்றுமே மிஞ்சாது, படித்தவர் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லியாக வேண்டும். இரவு பதினொன்றரைக்கு “ஒரு டவுட்” என்று தொடங்கி, டவுட்டே இல்லாமல் முடியும் உரையாடல் அதைவிட மோசம். இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாம் தடவை உண்மையாகவே டவுட் வரும்போது அவள் திறந்து பார்க்க மாட்டாள். ப்ராஜெக்ட் அந்த இடத்திலேயே தடம் புரளத் தொடங்கிவிடும்.

செடி என்ற அந்த விளையாட்டு ஏன் எடுபட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அது இந்த வேலைக்குள்ளேயே முளைத்தது. இணையத்திலிருந்து எடுத்த சினிமா வசனத்தை யாருக்கும் அனுப்பலாம், அதனால் அதைப் படிப்பவருக்குத் தனக்காக எழுதியது என்று தோன்றாது. 3080 என்ற எண்ணோடு வரும் செடி அவளுக்கும் அவனுக்கும் மட்டுமே தெரிந்த செடி. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று கிடைக்கும். அடிக்கடி கழன்றுவிடும் ஒயர், எப்போதும் தவறாகவே கண்டுபிடிக்கும் கேமரா, Report_final_v7.docx என்று பெயர் வளர்ந்துகொண்டே போகும் கோப்பு. தேட வேண்டியதில்லை, நடப்பதைக் கவனித்தால் போதும்.

பாராட்டும் அப்படித்தான். தொடர்ந்த வாரத்தில் இவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. மண்ணின் எண் 2990, 3005, 2995 என்று 3000ஐச் சுற்றியே ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவை எல்லையைத் தாண்டும்போதும் ரிலே டக் டக்கென்று அடித்தது, மோட்டார் விட்டுவிட்டு ஓடியது. அவள் யோசித்து இரண்டு எல்லைகள் வைத்தாள்: 3000ஐத் தொட்டால் ஆன், 2400க்குக் கீழே இறங்கினால்தான் ஆஃப். நடுவில் எவ்வளவு ஆடினாலும் மோட்டார் தன் நிலையை மாற்றாது. மறுநாள் காலை அவன் எழுதினான்: “நைட் முழுக்க ரிலே சத்தமே இல்ல. ரெண்டு லிமிட் வெச்சது செம யோசனை. எங்கம்மாவே நிம்மதியா தூங்கினாங்க.”

“நீ சூப்பர்”, “யூ ஆர் ஜீனியஸ்” என்பதைவிட இது ஏன் உள்ளே போய்த் தொடுகிறது? அவள் செய்தது என்ன என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது. கோடு எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. டிபியைப் புகழ்கிற பத்துப் பேர் இருக்கலாம், இரண்டு எல்லைகள் வைத்ததைக் கவனித்தவன் ஒருவன்தான். தோற்றத்தைப் பற்றிய பேச்சுக்கு ப்ராஜெக்ட் குரூப் இடமே அல்ல என்பது என் உறுதியான கருத்து. வேலைத் திறமையால் அடையாளம் காணப்பட வேண்டிய இடத்தில் முகத்தைப் பற்றிப் பேசினால், இத்தனை நாள் பேசிய வேலைப் பேச்சும் அதற்காகத்தானோ என்ற சந்தேகத்தை அது எழுப்பிவிடும்.

இனி எழுத்தில் சீண்டுவதன் அபாயம். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் மின்னஞ்சலை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. கிண்டலாகச் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா என்பதைப் படிப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். எழுதியவர்கள், சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துவிடும் என்று நம்பினார்கள். உண்மையில் புரிந்தது 56 சதவீதம்தான், காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். அதையே குரலில் சொன்னபோது நன்றாகவே புரிந்தது. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது, படிப்பவருக்கு அது கேட்பதில்லை. “இன்னும் கோடு முடியலையா மேடம்?” என்று அவன் சிரித்துக்கொண்டே தட்டியிருப்பான். நாளை ரிவ்யூ என்ற பதற்றத்தில் இருப்பவளுக்கு அது குத்தலாகத்தான் படும்.

அதனால் எழுத்தில் சீண்டும்போது சீண்டலின் இலக்காக அவளையோ அவள் வேலையின் குறையையோ வைக்காமல் இருப்பது நல்லது. செடியைச் சீண்டலாம், ரிலேயைச் சீண்டலாம், கழன்ற ஒயரைத் திட்டலாம். தவறாகப் புரிந்துகொண்டாலும் புண்படப்போவது வெண்டைச் செடிதான். எழுதியது கடுமையாகத் தெரிகிறதே என்று பட்டால், வாட்ஸ்அப்பில் அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். அழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி அங்கேயே கிடந்து, என்ன எழுதினான், ஏன் அழித்தான் என்று நான்கு பேரையும் யோசிக்கவைக்கும்.

நான்கு பேர் என்றேன். குரூப்பில் மற்ற இருவரும் இருக்கிறார்கள் என்பதை இந்த மாதிரி நேரத்தில் மறந்துவிடுவது எளிது. செடிப் பேச்சு முதலில் எல்லோருக்குமே வேடிக்கையாக இருக்கும். ரிப்போர்ட் எழுதுகிறவளும் ஒரு நாள் “செடிக்கு என் ஹாய் சொல்லு” என்பாள். ஆனால் இரண்டு பேரின் பேச்சு இருபது செய்தி நீண்டு, நடுவில் கைடு கேட்ட திருத்தம் புதைந்துபோனால் வேடிக்கை எரிச்சலாகிவிடும். அறிகுறி எளிது: மற்ற இருவரும் குரூப்பில் எழுதுவதைக் குறைத்துக்கொள்வார்கள், ஒரு பதிலுக்காக நேரே போன் செய்யத் தொடங்குவார்கள். அந்தக் கட்டத்தில் செடி தனிச் சாட்டுக்குப் போய்விட வேண்டும். ரிவ்யூ தேதி, கைடு சொன்ன திருத்தம் போன்றவற்றைக் குரூப்பில் பின் செய்துவைத்தால் எதற்கடியிலும் அவை புதையாது.

தனிச் சாட்டுக்குப் போவதில்தான் ப்ராஜெக்ட்டைக் கெடுக்கும் பெரிய குழி இருக்கிறது. இரண்டு எல்லைகள் வைக்கும் யோசனை எங்கே பேசி முடிவானது என்று நினைக்கிறீர்கள்? அவர்கள் இருவரின் தனிச் சாட்டில், ஓர் இரவு. பேச்சு சுவாரசியமாகப் போயிற்று, கோடு மாறிற்று, மோட்டார் சரியாயிற்று. ரிப்போர்ட் எழுதுகிறவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான்காம் அத்தியாயத்தில் ‘மண் ஈர மதிப்பு 3100ஐத் தாண்டும்போது மோட்டார் இயங்கும்’ என்ற பழைய வாக்கியம் அப்படியே நிற்கிறது. ஃப்ளோசார்ட்டிலும் ஒரே ஒரு எல்லைதான். இது பைண்டிங் போய்விட்டால், வைவாவில் எக்ஸ்டர்னல் ரிப்போர்ட்டை ஒரு கையிலும் கோடை இன்னொரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு “இதுல 3100, அதுல 3000, எதும்மா சரி?” என்று கேட்பார். கேள்வி யாரிடம் வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலும் எழுதியவளிடம்தான் வரும், அவளுக்குத்தான் பதில் தெரியாது. இருவர் சிரித்துப் பேசிய ஓர் இரவுக்கு மூன்றாவது ஆள் விலை கொடுப்பது நியாயமே இல்லை.

மருந்து ஒரு வரிதான். தனியே பேசி எது முடிவானாலும், பேச்சு முடிந்த கையோடு குரூப்பில் எழுதிவிட வேண்டும்: “ஆன் 3000, ஆஃப் 2400ன்னு மாத்தியாச்சு. சாப்டர் 4லயும் ஃப்ளோசார்ட்லயும் மாத்தணும்.” செடி அங்கே, எண்கள் இங்கே. யார் எழுதுவது என்பதைக்கூட இருவரும் மாறிமாறி வைத்துக்கொள்ளலாம்.

பிரியத்தின் பேரில் செய்யும் இன்னொரு தவறு, அடுத்தவர் பங்கு வேலையை எடுத்துச் செய்வது. “நீ தூங்கு, உன் பார்ட்டை நான் முடிச்சிடறேன்” என்பது கேட்க இனிமையாக இருக்கும். சினிமாவில் நன்றாகவும் இருக்கும். ஆனால் வைவாவில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பார்கள், தான் எழுதாத கோடை விளக்க முடியாமல் நிற்பது அவள்தான். இன்னொரு கெடுதலும் உண்டு: வேலை கடனாகிவிடுகிறது. பிடிக்கவில்லை என்று சொல்ல நினைப்பவளுக்கு, இவ்வளவு செய்தானே என்ற பாரம் வந்து வாயை அடைத்துவிடும். உதவ விரும்பினால் ரீடிங்கை நேரத்துக்கு எடுத்துப் போடலாம், டெஸ்ட் செய்து எங்கே பழுது என்று துல்லியமாகச் சொல்லலாம். அது அவன் பங்கு. தன் பங்கை ஒழுங்காகச் செய்கிறவன் மேல் வருகிற நம்பிக்கை, இந்த ஐந்து மாதத்தில் வேறு எதனாலும் வராது.

இனி, பதிலைப் படிப்பது. அன்டோனியா ஆபே என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. ஒரு பெண்ணும் ஆணும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்வதை வேறொரு பெண்ணும் ஆணும் பார்க்கிறார்கள். அந்தப் பெண் வெறுமனே நட்பாகப் பேசியதைக்கூட, பார்த்த பெண்களைவிட ஆண்கள் அதிகமாக வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு ஸ்மைலியை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். எமோஜி, உடனே வரும் பதில், நீல டிக் எல்லாம் ரிவ்யூ சமயத்தில் எல்லோரிடமும் பார்க்கக் கிடைப்பவை.

நான் பெரிதாக எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: அவளாகத் தொடங்குகிறாளா? ரீடிங் போடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே “செடி எப்படி இருக்கு?” என்று கேட்டால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். எப்போதும் அவன் தொடங்கி அவள் முடித்துவைக்கிறாள் என்றால் அதற்கும் அர்த்தம் உண்டு. இன்னும் தெளிவான குறிப்புகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. தனிச் சாட்டில் கேட்டதற்குக் குரூப்பில் பதில் சொல்வது. எண்ணுக்கு மட்டும் பதில் எழுதி, செடியைக் கண்டுகொள்ளாமல் விடுவது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் திடீரென்று ‘ப்ரோ’ என்பது, அதற்கும் மேலே போய் ‘அண்ணா’ என்பது. இவற்றில் எது வந்தாலும் அவள் கண்ணியமாகக் கதவைச் சாத்துகிறாள். செடியை அன்றோடு நிறுத்திவிட்டு ரீடிங்கை மட்டும் போடுவதுதான் சரியான பதில். காரணம் கேட்பது, “கோவமா?” என்று துருவுவது எதுவும் வேண்டாம். வேண்டாம் என்று தெரிந்த பிறகும் தொடர்வது, மாணவிகளின் பாதுகாப்புக்காக யுஜிசி கொண்டுவந்த விதிமுறைகளின்படி கல்லூரியின் உள்புகார்க் குழு விசாரிக்கக்கூடிய விஷயம்.

இதையெல்லாம் ஆண்களுக்கு மட்டும் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அவள் தொடங்கியிருந்தாலும் இதே கணக்குதான். பையன்களுக்கும் சங்கடம் உண்டு, சொல்லத்தான் தெரியாது.

போன் இருக்கும் இடத்தையும் நினைக்க வேண்டும். ஹாஸ்டலில் அறைத்தோழி பக்கத்தில் இருப்பாள், வீட்டில் போன் சார்ஜில் ஹாலில் கிடக்கும். பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரி எட்டிப்பார்க்கும். “3080, மோட்டார் ஆன் ஆகல” என்று தொடங்கும் செய்தியை அம்மா படித்தாலும் ஒன்றும் ஆகாது. அதே செய்தியில் கொஞ்சல் முதலில் வந்தால், அதற்கான விளக்கத்தை அவள்தான் வீட்டில் சொல்ல வேண்டியிருக்கும். வேலை முன்னால், விளையாட்டு பின்னால் என்ற வரிசைக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

நேரமும் முக்கியம். ரிவ்யூவுக்கு முந்தின இரண்டு நாள் செடி மௌனமாக இருப்பது நல்லது. சர்க்யூட் வேலை செய்யாத இரவில் எந்தப் பிரியமும் செல்லாது. ரிவ்யூ முடிந்த மாலைதான் பேச்சுக்கு ஏற்ற நேரம். எல்லோரும் இலகுவாக இருப்பார்கள், பேனல் கேட்ட கேள்விகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். “ரெண்டு லிமிட் பத்திக் கேட்டப்போ நீ சொன்ன பதில்ல சார் தலையாட்டினார், பார்த்தியா?” என்று அன்றைக்கு எழுதினால் அது ரொம்ப தூரம் போகும்.

மனதில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லத் தோன்றினால் வைவா முடியும்வரை பொறுப்பது மேல். பிப்ரவரியில் கேட்டு மறுப்பு வந்தால், மூன்று மாதம் அந்த மறுப்போடு உட்கார்ந்து நான்கு பேரும் வேலை செய்ய வேண்டும். அவளுக்கும், இவனை மறுத்தால் ரீடிங் வருமா வராதா என்ற கவலை இருக்கும். அந்தக் கவலையோடு சொல்லும் ‘சரி’க்கு மதிப்பில்லை. வைவா முடிந்து, ரிப்போர்ட் லைப்ரரிக்குப் போய், போர்டைப் பிரித்துப் பாகங்களைப் பங்குபோட்ட பிறகு யாரும் யாரையும் நம்பி இருக்கவில்லை. அப்போது கேட்கலாம், சுற்றிவளைக்காமல், தனிச் சாட்டில்:

“ப்ராஜெக்ட் முடிஞ்சுது, ஆனா உன்கூட பேசறது நின்னுடக் கூடாதுன்னு தோணுது. சனிக்கிழமை நாம ரெண்டு பேர் மட்டும் ஒரு காபி சாப்பிடலாமா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடு, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

‘ரெண்டு பேர் மட்டும்’ என்பதை விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் அவள் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வருவாள், அவளைக் குறை சொல்லவும் முடியாது. கடைசி வாக்கியத்தை எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும். “வேணாம்” என்று வந்தால் “சரி, சொன்னதுக்கு தேங்க்ஸ்” என்பதோடு பேச்சு முடிந்தது. நான்காமவன் குரூப்பில் பைண்டிங் செலவைப் பங்கு பிரித்துப் போடும்போது, வழக்கம்போலத் தன் பங்கை அனுப்பிவிட்டு “அனுப்பிட்டேன்” என்று எழுத வேண்டும், அவ்வளவுதான்.